ஞாயிறு விழுந்ததா, விளம்பரம் விழுந்ததா? ஏழு நாள் நகரும் சராசரியைப் படிக்கும் முறை

நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் ஒருவரின் விளம்பரக் கணக்கைத் திறந்து பாருங்கள். திங்கள் முதல் வியாழன் வரை, விளம்பரம் பார்த்து வந்து படிவத்தை நிரப்புபவர்களின் பதிவுகள் உயரத்தில் நிற்கும். வெள்ளியன்று சற்று இறங்கும், சனி ஞாயிறில் தரையைத் தொடும், திங்களன்று மறுபடி எழும். வீட்டில் இருக்கும்போது வாங்கும் பொருள்களை விற்பவர்களுக்கு இதே வடிவம் தலைகீழாக இருக்கும். இரண்டு கணக்கிலும் நடப்பது ஒன்றே: நேற்றைய எண்ணை முந்தாநாள் எண்ணோடு ஒப்பிட்டால், விளம்பரத்தைப் பற்றி எதுவும் தெரியவராது, என்ன கிழமை என்பது மட்டும் தெரியும்.

புதிதாக விளம்பரக் கணக்கைப் பார்க்கத் தொடங்கியவர் சனிக்கிழமை இறக்கத்தைக் கண்டு பட்ஜெட்டைக் குறைக்கிறார். திங்களன்று எண்கள் ஏறியதும், குறைத்தது பலன் தந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். ஏறியதற்குக் காரணம் திங்கள்கிழமை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எளிய கருவி ஏழு நாள் நகரும் சராசரி: ஒவ்வொரு நாளிலும் நின்று, அந்த நாளோடு சேர்த்துப் பின்னோக்கி ஏழு நாள்களின் சராசரியை எடுப்பது. போடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். படிப்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி படிப்பதைப் பற்றியது.

ஏன் ஏழு?

இணையப் படிவத்தை நிரப்பிப் பதிவு செய்பவர்களை எண்ணும் ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் இந்தக் கட்டுரைக்காக அமைத்தவை. செலவு எந்த நாணயமாகவும் இருக்கலாம்.

| முதல் வாரம் | செலவு | பதிவுகள் |
|---|---|---|
| திங்கள் | 1200 | 30 |
| செவ்வாய் | 1240 | 32 |
| புதன் | 1200 | 31 |
| வியாழன் | 1160 | 28 |
| வெள்ளி | 1000 | 22 |
| சனி | 500 | 7 |
| ஞாயிறு | 400 | 4 |

மொத்தம் 154 பதிவுகள், ஏழால் வகுத்தால் நாளுக்கு 22. அடுத்த வாரமும் அச்சு அசலாக இதே எண்கள் வந்தால், எந்த நாளில் நின்று பின்னோக்கி ஏழு நாள்களைக் கூட்டினாலும் 22தான் வரும். ஏழு நாள் கொண்ட எந்தத் துண்டை வெட்டினாலும் அதில் ஒவ்வொரு கிழமையும் சரியாக ஒருமுறை இருப்பதே காரணம். கிழமையின் ஏற்ற இறக்கம் தானாக அடிபட்டுப் போகிறது.

ஐந்து நாள் சராசரி போட்டால் இது நடக்காது. வெள்ளியன்று நின்று பார்த்தால் திங்கள் முதல் வெள்ளி வரை 143 பதிவுகள், சராசரி 28.6. இரண்டே நாள் கழித்து ஞாயிறன்று பார்த்தால் புதன் முதல் ஞாயிறு வரை 92 பதிவுகள், சராசரி 18.4. எதுவுமே மாறாத ஒரு கணக்கில் கோடு இப்படிக் குதிக்கிறது. பத்து நாள் சராசரியிலும் இதே கோளாறு உண்டு, அளவுதான் சற்றுக் குறைவு. ஏழு, பதினான்கு, இருபத்தெட்டு என ஏழின் மடங்குகள் மட்டுமே கிழமை வடிவத்தை முழுவதும் நீக்கும். மாதத்துக்கு முப்பது நாள் என்ற பழக்கத்தில் முப்பது நாள் சராசரி போடுகிறவர்கள் உண்டு. அதில் இரண்டு கிழமைகள் ஐந்து முறையும் மற்றவை நான்கு முறையும் வரும். இருபத்தெட்டு நாளே மேல்.

விரிதாளில் போடுவது

எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ எதுவானாலும் சரி. முதல் வரிசையில் தலைப்புகள். A நெடுவரிசையில் தேதி, B-இல் கிழமை, C-இல் செலவு, D-இல் பதிவுகள். முதல் நாள் இரண்டாவது வரிசையில் தொடங்கினால் ஏழாவது நாள் எட்டாவது வரிசையில் வரும். முதல் ஆறு நாள்களுக்குச் சராசரி கிடையாது. அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டுவிடுங்கள். மூன்று நான்கு நாள்களை வைத்து அங்கே ஏதோ ஒன்றை நிரப்பினால் கோட்டின் தொடக்கத்தில் பொய்யான சரிவோ ஏற்றமோ தெரியும்.

எட்டாவது வரிசையில் E, F நெடுவரிசைகளில் இவற்றை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
E8: =SUM(D2:D8)/7
F8: =IF(SUM(D2:D8)=0,"",SUM(C2:C8)/SUM(D2:D8))
```

E என்பது பதிவுகளின் ஏழு நாள் சராசரி. `AVERAGE` என்று எழுதலாமே என்று தோன்றும். அது காலிக் கட்டங்களைக் கணக்கில் சேர்க்காது. ஒரு நாள் காலியாக இருந்தால் ஆறால் வகுத்துவிடும். அந்தக் காலி நாள் ஞாயிறாக இருந்தால் சராசரி திடீரென்று அழகாக ஏறிவிடும். விளம்பரம் நிறுத்தப்பட்டிருந்த நாளுக்கு 0 என்றே எழுதுங்கள். தரவே கிடைக்காத நாள் என்றால் அது வேறு கதை: அந்த நாளைத் தொடும் ஏழு சராசரிகளையும் நம்பாதீர்கள்.

F என்பது ஒரு பதிவுக்கான செலவு. ஏழு நாள் செலவைக் கூட்டி, ஏழு நாள் பதிவுகளால் வகுத்தது. பலர் ஒவ்வொரு நாளுக்கும் செலவுக்கணக்கைத் தனியாகப் போட்டு, வரும் ஏழு விடைகளின் சராசரியை எடுக்கிறார்கள். மேலே உள்ள வாரத்தில் அப்படிச் செய்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். திங்களன்று ஒரு பதிவுக்கு 40, ஞாயிறன்று 100. ஏழு நாள்களின் விடைகளையும் சராசரி எடுத்தால் 53.7 வரும். உண்மையில் 6700 செலவழித்து 154 பதிவுகள் பெற்றிருக்கிறோம், அதாவது 43.5. ஞாயிறன்று வந்த நான்கு பதிவுகளுக்கும் செவ்வாயன்று வந்த 32 பதிவுகளுக்கும் சம எடை கொடுத்ததால் வந்த வித்தியாசம் இது. கிளிக் விகிதம், ஒரு கிளிக்குக்கான செலவு, செலவுக்கு எதிரான வருவாய் என வகுத்து வரும் எந்த அளவுக்கும் இதே விதிதான். மேலே உள்ளதைக் கூட்டு, கீழே உள்ளதைக் கூட்டு, பிறகு வகு.

ஏற்றுமதி செய்த கோப்பில் ஒரு பொறி ஒளிந்திருக்கலாம். எதுவுமே நடக்காத நாள்களைச் சில அறிக்கைகள் வரிசையாகவே தருவதில்லை. அப்போது நீங்கள் கூட்டும் ஏழு வரிசைகள் எட்டு ஒன்பது நாள்களாக நீண்டிருக்கும், ஏதோ ஒரு கிழமை இரண்டு முறை வந்திருக்கும். `=A8-A2` என்று ஒரு கட்டத்தில் எழுதிக் கீழே இழுங்கள். எல்லா இடத்திலும் 6 வர வேண்டும். வேறு எண் தெரிந்தால் அங்கே ஒரு தேதி விடுபட்டிருக்கிறது.

இன்றைய நாளை ஒருபோதும் சேர்க்காதீர்கள். இன்னும் முடியாத நாள் அது. காலை பத்து மணிக்குப் பார்த்தால் சராசரி எப்போதும் சரிந்தே தெரியும்.

கோட்டை அசைப்பது எது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நேற்று இருந்த ஏழு நாள்களிலிருந்து இன்று ஒரு நாள் வெளியேறுகிறது, ஒரு நாள் உள்ளே வருகிறது. செவ்வாய் உள்ளே வந்தால் வெளியேறுவது போன வாரச் செவ்வாய். நடுவில் உள்ள ஆறு நாள்களும் அப்படியே இருக்கின்றன. ஆக, சராசரி ஒரு நாளில் எவ்வளவு நகர்கிறது என்பது முழுக்க முழுக்க ஒரே ஒரு கழித்தல்: இந்தச் செவ்வாய் கழித்தல் போன செவ்வாய், அதை ஏழால் வகுத்தது.

அதனால் G நெடுவரிசையில் அந்தக் கழித்தலையே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இது ஒன்பதாவது வரிசையிலிருந்துதான் தொடங்கும்:

```
G9: =D9-D2
```

என் கணக்கில் E-ஐவிட G-ஐத்தான் முதலில் பார்ப்பேன். சராசரிக் கோடு அமைதியாக இருக்கிறது என்றால் அதே கிழமை வித்தியாசங்கள் சிறிய கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி வருகின்றன என்று பொருள். கோடு தொடர்ந்து சரிகிறது என்றால் வித்தியாசங்கள் ஒரே திசையில் விழுகின்றன. கோடு முடிவைச் சொல்கிறது, எந்த நாள் அந்த முடிவைத் தந்தது என்பதை G சொல்கிறது.

இன்னொன்றும் இதிலிருந்து புரியும். "ஐந்து நாளாகத் தொடர்ந்து இறங்குகிறது" என்று யாராவது சொன்னால், அது ஐந்து தனித்தனிச் சாட்சிகள் அல்ல. அடுத்தடுத்த இரண்டு சராசரிகள் ஆறு நாள்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு நிலைகளை நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் இன்றைய சராசரியை ஏழு நாளுக்கு முந்தைய சராசரியோடு வைத்துப் பாருங்கள். அவை இரண்டும் எந்த நாளையும் பகிர்வதில்லை.

ஒரு சரிவை நாள் நாளாகப் படித்தல்

இப்போது இரண்டாவது வாரத்துக்கு வருவோம். புதன்கிழமை மாலை, தளத்தைப் பார்த்துக்கொள்ளும் குழு படிவத்தில் ஒரு புதிய கேள்வியைச் சேர்த்து, அதைக் கட்டாயமாக்குகிறது. விளம்பரம் பார்ப்பவருக்கு இது தெரியாது. செலவும் கிளிக்குகளும் வழக்கம்போலவே இருக்கின்றன.

| நாள் | பதிவுகள் | அதே கிழமை வித்தியாசம் | ஏழு நாள் சராசரி |
|---|---|---|---|
| திங்கள் | 29 | −1 | 21.9 |
| செவ்வாய் | 34 | +2 | 22.1 |
| புதன் | 30 | −1 | 22.0 |
| வியாழன் | 21 | −7 | 21.0 |
| வெள்ளி | 15 | −7 | 20.0 |
| சனி | 5 | −2 | 19.7 |
| ஞாயிறு | 3 | −1 | 19.6 |
| திங்கள் | 21 | −8 | 18.4 |
| செவ்வாய் | 23 | −11 | 16.9 |
| புதன் | 22 | −8 | 15.7 |

வெறும் தினசரி எண்களை மட்டும் பார்த்திருந்தால் வியாழனின் 21-ஐயும் வெள்ளியின் 15-ஐயும் வார இறுதி நெருங்குவதாக எடுத்துக்கொண்டிருக்கலாம். திங்களன்று 3-இலிருந்து 21-க்கு ஏறியதும் நிம்மதிகூட வந்திருக்கும். அதே கிழமை வித்தியாசம் வியாழனன்றே −7 என்று கைதூக்கிவிட்டது.

சராசரிக் கோட்டைக் கவனியுங்கள். வியாழனும் வெள்ளியும் நாளுக்கு ஒன்று வீதம் இறங்கியது. சனி ஞாயிறில் ஏறக்குறைய நின்றுவிட்டது: 19.7, 19.6. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஞாயிறு இரவு கோட்டைப் பார்ப்பவர், சரிவு 19.6-இல் நிலைபெற்றுவிட்டது, பதினோரு சதவீதச் சேதத்தோடு முடிந்தது என்று எழுதி அனுப்புவார். உண்மையில் எதுவும் நிலைபெறவில்லை. சனி ஞாயிறிலும் பதிவுகள் கால்பங்குக்கு மேல் குறைந்தே இருந்தன. ஆனால் அந்த நாள்களில் பதிவுகளே சொற்பம் என்பதால், குறைவதற்கு அதிகம் இல்லை. பெரிய நாள்களான திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் இன்னும் பழைய நல்ல எண்களோடு சராசரிக்குள் உட்கார்ந்திருந்தன. அவை வெளியேறிய பிறகே கோடு தன் உண்மையான இடத்துக்கு, 15.7-க்கு, வந்தது. அது 22-ஐவிட 29 சதவீதம் குறைவு.

ஆகவே ஒரு திடீர் மாற்றம் நடந்தால், ஏழு நாள் முழுதும் கடந்தாலொழிய சராசரி புதிய அளவைக் காட்டாது. அதுவரை காட்டுவது பழையதும் புதியதும் கலந்த ஒன்று. அந்தக் கலவையும் சீராக நகராது. கனமான கிழமைகளில் வேகமாகவும் லேசான கிழமைகளில் மெதுவாகவும் நகரும். வார இறுதியில் தட்டையாகும் சரிவை நம்பாமல் செவ்வாய் வரை பொறுங்கள். சனி ஞாயிறில் ஓங்கும் தொழில் என்றால் இதே விதியைத் திருப்பிப் போடுங்கள்.

பதிவு ஒன்றுக்கான செலவும் இதே பாதையில் போகிறது. அந்தக் கடைசிப் புதன்வரையிலான ஏழு நாளில் செலவு 6700, பதிவுகள் 110, ஒன்றுக்கு 60.9. இருந்தது 43.5. செலவு மாறவில்லை, கிளிக்குகளும் மாறவில்லை என்பதால், விளம்பரத்தில் இருந்து தளத்துக்கு வந்த பிறகுதான் ஆள்கள் நழுவுகிறார்கள் என்பது தெளிவு. கிளிக்குகளுக்கும் ஏழு நாள் சராசரி ஒன்று பக்கத்தில் இருந்தால் இந்தக் கேள்விக்கு உடனே விடை கிடைக்கும்.

எப்போது நம்பலாம், எப்போது கைவைக்கலாம்

வியாழனன்று 28 இருந்த இடத்தில் 21 வந்தது. அது மட்டும் போதுமா? போதாது. எண்ணிக்கைகள் எந்தக் காரணமும் இல்லாமல் ஆடக்கூடியவை. எவ்வளவு ஆடும் என்பதற்குத் தோராயமான ஒரு கணக்கு இருக்கிறது. ஒப்பிடும் இரண்டு எண்ணிக்கைகளையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். வித்தியாசம் இந்த எல்லையைத் தாண்டினால் தற்செயல் என்று சொல்வது கடினம். விரிதாளில் இது ஒரே வரி:

```
=2*SQRT(28+21)
```

வியாழனுக்கு 28-உம் 21-உம் சேர்ந்து 49, வர்க்கமூலம் 7, இரட்டித்தால் 14. வித்தியாசம் 7தான், தாண்டவில்லை. வியாழன் முதல் ஞாயிறு வரை சேர்த்தால் முந்தைய வாரம் 61, இந்த வாரம் 44. வித்தியாசம் 17, எல்லை 20.5, இன்னும் தாண்டவில்லை. திங்களையும் சேர்த்தால் 90-க்கு எதிராக 65. வித்தியாசம் 25, எல்லை 24.9, மயிரிழையில் தாண்டுகிறது. செவ்வாயையும் சேர்த்தால் 124-க்கு எதிராக 88, வித்தியாசம் 36, எல்லை 29. இப்போது பேச்சுக்கே இடமில்லை.

திங்களின் மயிரிழையை நான் ஏற்கமாட்டேன். சரிவு தொடங்கிய இடத்தை எண்களைப் பார்த்த பிறகு நாமே தேர்ந்தெடுத்தோம்; அப்படித் தேர்ந்தெடுக்கும்போது வித்தியாசம் கொஞ்சம் பெரிதாகவே தெரியும். தவிர, விளம்பர எண்கள் இந்தக் கணக்கு சொல்வதைவிடச் சற்று அதிகமாகவே ஆடும். எனவே எல்லையை நன்றாகத் தாண்டட்டும் என்று இன்னும் ஒரு நாள் காத்திருப்பது நல்லது.

காத்திருப்பது என்றால் கைகட்டி உட்காருவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வியாழன் −7, வெள்ளி −7 என்று வந்ததுமே செலவில்லாத சோதனைகளைச் செய்துவிடலாம். படிவத்தை நாமே ஒருமுறை நிரப்பிப் பார்ப்பது, பதிவு வந்து சேர்கிறதா என்று பார்ப்பது, தளத்தில் யாராவது எதையாவது மாற்றினார்களா என்று கேட்பது. பட்ஜெட்டைக் குறைப்பது, விளம்பரத்தை நிறுத்துவது, ஏல முறையை மாற்றுவது போன்றவற்றுக்கு மட்டும் எல்லை தாண்டும் வரை பொறுமை வேண்டும். அவை எண்களையே மாற்றிவிடும். பிறகு எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. நம் கதையில் வெள்ளியன்று படிவத்தை நிரப்பிப் பார்த்தவருக்குப் பதிவு ஒழுங்காக வந்து சேர்ந்தது, அதனால் படிவத்தில் குறையில்லை என்று விட்டுவிட்டார். அதில் ஒரு கேள்வி புதிது என்பது அவருக்குத் தெரியவில்லை. செவ்வாயன்று எண்ணோடு போய்க் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது.

வாரத்துக்கே பத்துப் பன்னிரண்டு பதிவுகள்தான் வருகின்றன என்றால் ஏழு நாள் சராசரி அதிகம் உதவாது. 12-உம் 6-உம் ஒப்பிட்டால் எல்லை 8.5, பாதியாகக் குறைந்தாலும் தாண்டவில்லை. அத்தகைய கணக்குகளில் பதிவுகளுக்கு இருபத்தெட்டு நாள் சராசரியும், எண்ணிக்கை அதிகம் உள்ள கிளிக்குகளுக்கு ஏழு நாள் சராசரியும் வைத்துக்கொள்வதே வழி.

காரணமில்லாத வீழ்ச்சி

ஒரு புதன்கிழமை யாரோ உங்கள் மென்பொருளைப் பற்றிப் பெரிதாக எழுதிவிட்டார்கள். 31 வர வேண்டிய நாளில் 73 வந்தது. 42 கூடுதல், ஏழால் வகுத்தால் 6. சராசரி 22-இலிருந்து 28-க்குத் தாவி, ஒரு வாரம் அங்கேயே நிற்கிறது. அடுத்த புதன்கிழமை வழக்கமான 31 வருகிறது. சராசரி 28-இலிருந்து 22-க்கு விழுகிறது. அந்தப் புதனன்று எதுவுமே நடக்கவில்லை. ஒரு வாரத்துக்கு முந்தைய விருந்தாளி வெளியேறினார், அவ்வளவுதான்.

கோட்டில் செங்குத்தான விழுதல் ஒன்றைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது: சரியாக ஏழு நாளுக்கு முன் செங்குத்தான ஏற்றம் இருந்ததா? இருந்தால் விஷயம் முடிந்தது. பொது விடுமுறைகள் இதையே தலைகீழாகச் செய்யும்: விடுமுறை நாளில் கோடு பள்ளத்தில் விழும், ஏழு நாள் கழித்து யாரும் எதுவும் செய்யாமலே எழும். அந்த எழுச்சிக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இதற்காகவே H நெடுவரிசையில் குறிப்பு எழுதுங்கள். விடுமுறை, பட்ஜெட் மாற்றம், புதிய விளம்பரப் படம், படிவ மாற்றம், தளம் படுத்த நேரம், எதுவானாலும் அந்தத் தேதியில் நாலு சொல் போதும். அந்த ஒரு நாளின் பாதிப்பை நீக்கிப் பார்க்க விரும்பினால், மூல எண்ணை அழிக்காமல் பக்கத்தில் ஒரு நகல் நெடுவரிசை எடுத்து, அதில் மட்டும் அந்த நாளுக்குக் கடந்த மூன்று நான்கு வாரங்களின் அதே கிழமைச் சராசரியை இடுங்கள். இரண்டு கோடுகளையும் சேர்த்து வரைந்தால் அந்த நாள் எவ்வளவு இழுத்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

கோட்டின் வால் எப்போதும் தொங்குகிறதா?

சில கணக்குகளில் கடைசி மூன்று நான்கு நாள் மட்டும் என்றைக்குப் பார்த்தாலும் சரிவாகவே இருக்கும். ஒரு வாரம் கழித்து அதே தேதிகளைப் பார்த்தால் நன்றாக நிமிர்ந்திருக்கும். காரணம் கணக்கு எழுதும் முறையில் இருக்கிறது. கூகுள் விளம்பரக் கணக்கின் வழக்கமான `Conversions` நெடுவரிசை, திங்களன்று கிளிக் செய்து வியாழனன்று பதிவு செய்தவரைத் திங்கள் கணக்கில் எழுதுகிறது. அதனால் கடந்த சில நாள்களின் எண் இன்னும் நிரம்பிக்கொண்டே இருக்கும். `Conversions (by conv. time)` என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டால் பதிவு நடந்த நாளிலேயே எழுதும், வால் தொங்காது. மேலே நாம் பார்த்த உதாரணம் அப்படி, பதிவு வந்த நாளில் எண்ணியது.

இரண்டில் எதை எடுப்பது? ஏதாவது உடைந்துவிட்டதா என்று கவனிக்கப் பதிவு நடந்த நாள் கணக்கு சிறந்தது. செலவோடு வகுத்துப் பலனை மதிப்பிடக் கிளிக் நாள் கணக்கு நியாயமானது, ஏனெனில் அதில் செலவும் பலனும் ஒரே கிளிக்கைச் சேர்ந்தவை. ஆனால் கடைசி நாள்களை வெட்டிவிட வேண்டும். எத்தனை நாள் வெட்டுவது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. இன்று ஏழு நாள் மொத்தத்தை ஓரிடத்தில் எழுதி வையுங்கள், ஒரு வாரம் கழித்து அதே தேதிகளின் மொத்தத்தை மறுபடி எடுங்கள். 140 இருந்தது 151 ஆகியிருந்தால் முதல் பார்வையில் ஏழு சதவீதம் குறைவாகத் தெரிந்திருக்கிறது. நாள் வாரியாகப் பார்த்தால் அந்தக் குறை எத்தனை கடைசி நாள்களில் குவிந்திருக்கிறது என்பதும் தெரியும். அத்தனை நாளை விட்டுவிட்டுச் சராசரியைத் தொடங்குங்கள்.

செலவுக் கோட்டைப் பற்றியும் ஒரு சொல். கூகுளில் நீங்கள் இடும் தினசரி பட்ஜெட் ஒரு சராசரிதான். பெரும்பாலான விளம்பரங்களில் ஒரே நாளில் அதன் இரு மடங்கு வரை செலவாக இடமுண்டு, மாத அளவில் 30.4 மடங்கைத் தாண்டாது. ஆகவே ஒரு நாள் செலவு எகிறியதைக் கண்டு பதற வேண்டாம், ஏழு நாள் செலவுச் சராசரியைப் பாருங்கள்.

ஏழு நாள் சராசரி ஒரு விஷயத்தில் குருடு: கிழமை வடிவமே மாறினால் அதற்குத் தெரியாது. வார நாள்கள் நாளுக்கு ஒன்று கூடி, சனி மூன்றும் ஞாயிறு இரண்டும் குறைந்தால் கோடு ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மாதத்துக்கு ஒருமுறை கிழமை வாரியாக எட்டு வாரச் சராசரியைத் தனியாகப் பார்த்துக்கொள்வது இதற்குப் போதும்.

சரிசெய்த பிறகு

படிவத்துக் கேள்வியை அந்தக் கடைசிப் புதன் மாலை நீக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வியாழனன்று 27 பதிவுகள் வருகின்றன. போன வியாழன் 21, எனவே வித்தியாசம் +6. சராசரி 15.7-இலிருந்து 16.6-க்கு வருகிறது. கோட்டை மட்டும் பார்க்கும் மேலாளர், 22 இருந்த இடத்தில் இன்னும் 16.6தானா, சரியாகவில்லையே என்று கேட்பார்.

இங்கே போன வாரத்தோடு ஒப்பிடுவதே தவறான அளவுகோல், ஏனெனில் போன வியாழன் ஏற்கனவே உடைந்த நாள். உடைவதற்கு முந்தைய வியாழனோடு, அதாவது இரண்டு வாரத்துக்கு முந்தைய 28-ஓடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் −1. அடுத்த திங்கள், செவ்வாய், புதனுக்கு 29, 34, 30 ஆகியவை அளவுகோல். G நெடுவரிசைக்குப் பக்கத்தில் தற்காலிகமாக இன்னொன்றை வைத்து, சூத்திரத்தை ஏழு வரிசைக்குப் பதில் பதினான்கு வரிசை பின்னோக்கிப் பார்க்க வைத்தால் இது தானாக வந்துவிடும்:

```
=D19-D5
```

அந்த வித்தியாசங்கள் சிறிய கூட்டலும் கழித்தலுமாகக் கலந்து வரத் தொடங்கினால் பழுது நீங்கிவிட்டது. சராசரிக் கோடு 22-ஐ நெருங்க அடுத்த புதன்வரை ஆகும், நடுவில் சனி ஞாயிறில் மறுபடியும் தட்டையாக நிற்கும். மேலாளருக்கு அனுப்பும் குறிப்பில் அந்தத் தேதியை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.